வேலூர் 1806: நான்கு பகுதிகளைப் படித்து தேதியோடு ஒரு காரணத் தொடர் எழுதுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பகுதி கொடுத்து, “காரணமும் விளைவும் தேதியோடு எழுது” என்று அசைன்மென்ட் தந்திருக்கிறார்கள். எல்லாத் தேதிகளையும் வரிசையாக எழுதினால் போதாதா?

போதாது. அப்படி எழுதினால் வருவது காலவரிசை. எது முந்தி, எது பிந்தி என்று அது சொல்லும். முந்தியது எப்படிப் பிந்தியதை உண்டாக்கியது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் வேலூர்ப் புரட்சியை வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் தரப்படுகிற பகுதிகள் நான்கு வகை: பாடநூலின் ஓர் அத்தியாயம், இக்கால வரலாற்றாய்வாளர் ஒருவரின் கட்டுரை, 1806-இல் நடந்த விசாரணையின் முடிவுகள், அப்போது சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங்க் தன்னைத் திரும்ப அழைத்ததை எதிர்த்துக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதிய முறையீடு. நான்கும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் நான்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருடங்களில், வேறு வேறு தேவைக்காக எழுதியவை.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு வரியில் எழுதி, இரண்டு வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். அந்த இடத்தில் “யார், எதைத் தெரிந்துகொண்டு, என்ன செய்தார்” என்று ஒரு முழு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடிந்தால் அது ஒரு கண்ணி. “அதிருப்தி பரவியது”, “நிலைமை மோசமானது” போன்ற ஆள் இல்லாத வாக்கியம்தான் வருகிறது என்றால் கண்ணி இன்னும் கிடைக்கவில்லை, திரும்பப் போய்ப் படிக்க வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? 1799-இல் திப்பு இறந்ததிலிருந்தா, தலைப்பாகை உத்தரவிலிருந்தா?

இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே தொடரில் இல்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு இறந்தார், அவர் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் குடிவைத்தார்கள். 1806 ஜூலையில் அவர்கள் அந்தக் கோட்டைக்குள் இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் ஆறு வருடம் அவர்கள் அங்கே இருந்தும் சிப்பாய்கள் எழவில்லை. ஆகவே இது பின்புலம். 1806-இல் என்ன புதிதாக நடந்தது என்பதற்கு இது பதில் சொல்லாது.

உங்கள் முதன்மைத் தொடர் 1805 நவம்பரில் தொடங்கட்டும். 1799-ஐ ஒரு கிளைக்கோடாக ஓரத்தில் வைத்து, அது முதன்மைத் தொடரைத் தொடும் இடத்தில், அதாவது 1806 ஜூலை 10 காலையில், சேருங்கள். அதற்கும் முன்னால் மைசூர்ப் போர்கள், கர்நாடகப் போர்கள் என்று போனால் ஆசிரியருக்குப் படித்த பரப்பு தெரியும், தொடர் தெரியாது.

ஒரு பகுதியில் உத்தரவு 1805 நவம்பர் என்று இருக்கிறது, இன்னொன்றில் 1806 மார்ச். எது சரி?

இரண்டும் சரி. அவை இரண்டு தனித்தனி உத்தரவுகள். பல சுருக்கமான நூல்கள் இரண்டையும் ஒன்றாக்கி “புதிய உடை விதிகள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இந்தத் தலைப்பில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது.

1805 நவம்பர் 14 உத்தரவு புதிய மாதிரித் தலைப்பாகையைப் பற்றியது. அதில் தோலால் ஆன ஒரு பகுதி இருந்தது, பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது என்பது சிப்பாய்களின் குறை. 1806 மார்ச் 13-இல் வெளிவந்தது படைக்கான விதித்தொகுப்பு. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, அணிவகுப்புக்குத் தாடியை மழிக்க வேண்டும், மீசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பத்தி அதில்தான் வருகிறது.

இப்படிப் பிரித்துவிட்டால் பிறகு வருகிற பல விஷயங்கள் தெளிவாகும். தலைப்பாகை உத்தரவு தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் பொறுப்பில் வந்தது. விதித்தொகுப்புக்கோ ஆளுநரின் ஒப்புதல் இருந்தது. அந்தக் குறிப்பிட்ட பத்தி தன் கவனத்துக்கு வரவில்லை என்பது பெண்டிங்க் தரப்பு வாதம். இரண்டையும் ஒரே தேதியில் போட்டுவிட்டால் யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வியையே எழுப்ப முடியாமல் போகும். ஆகவே இரண்டு பகுதிகள் தேதியில் முரண்பட்டால், “எது தப்பு” என்று கேட்பதற்கு முன் “ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றனவா” என்று கேளுங்கள்.

மே மாதம் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள், தண்டித்தார்கள், அதனால் ஜூலையில் புரட்சி. இது தெளிவான தொடர்தானே?

தெளிவாகத் தெரிகிறது, ஆனால் நடுவில் ஓட்டை இருக்கிறது. ஆட்களைப் பாருங்கள்.

1806 மே 6, 7 தேதிகளில் வேலூரில் தலைப்பாகையை மறுத்தவர்கள் 4-ஆவது ரெஜிமென்டின் 2-ஆவது பட்டாலியன். அவர்களில் 21 பேரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இருவருக்கு 900 கசையடியும் பணிநீக்கமும், மற்ற 19 பேருக்கு 500 கசையடி. அந்த 19 பேரும் மன்னிப்புக் கேட்டதால் அவர்களை விட்டுவிட்டார்கள். பட்டாலியனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பதிலாக 23-ஆவது ரெஜிமென்டின் 2-ஆவது பட்டாலியனை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜூலை 10 அன்று கோட்டையில் எழுந்தவர்கள் யார்? 1-ஆவது ரெஜிமென்டின் 1-ஆவது பட்டாலியனும், புதிதாக வந்த 23-ஆவதின் 2-ஆவது பட்டாலியனும். மே மாதம் மறுத்த பட்டாலியன் அப்போது வேலூரிலேயே இல்லை. “அடி வாங்கியவர்கள் பழிவாங்கினார்கள்” என்று எழுதினால் பிழை.

அப்படியானால் மே மாத நிகழ்ச்சி காரணம் இல்லையா? காரணம்தான். ஆனால் இணைப்பு வேறு வகை. மேலிடம் சம்பந்தப்பட்ட ஆட்களை அப்புறப்படுத்தியது, உத்தரவை அப்படியே வைத்தது. அதே தலைப்பாகை அடுத்து வந்தவர்கள் முன்னாலும் நின்றது. வெளிப்படையாக மறுத்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. மறுப்பு ரகசியமாக மாறியதை இப்படித்தான் விளக்க வேண்டும். “தெரிந்துவிட்டது” என்பது உங்கள் ஊகம், அதை ஊகம் என்றே எழுதுங்கள். அதற்கு ஆதரவாக நிற்பது அடுத்த கேள்வியில் வரும் ஜூன் மாத நிகழ்ச்சி.

எந்தத் தொடரிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: முதல் வரியில் இருக்கிற ஆட்களும் அடுத்த வரியில் இருக்கிற ஆட்களும் ஒருவர்தானா? இல்லையென்றால் செய்தியோ, உத்தரவோ, பயமோ ஏதாவது ஒன்று இங்கிருந்து அங்கே போயிருக்க வேண்டும். அது என்னவென்று பெயர் சொல்ல முடிய வேண்டும்.

முஸ்தபா பேக் என்பவரை எங்கே வைப்பது? அவர் ஒரு காரணமா?

உண்டாக்கிய காரணம் இல்லை. தடுத்திருக்கக்கூடிய ஒன்று தடுக்காமல் போன இடம். பாடநூல்களில் அவர் ஒரு சுவையான துணுக்காக வந்து போவார், தொடரில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு.

1-ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்த சிப்பாய் அவர். ஜூன் 17 அன்று தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் சதி நடப்பதாகச் சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்கள் ஆள் பைத்தியம் என்று அறிக்கை தந்தார்கள், அவரைக் காவலில் வைத்தார்கள். புரட்சி அடங்கிய பிறகு அரசாங்கம் அவருக்கு வெகுமதி கொடுத்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, ஜூன் நடுவிலேயே திட்டம் இருந்தது. அதாவது ஜூலை 10 திடீர் ஆத்திரம் இல்லை. இரண்டு, செய்தி மேலே போகும் வழியே அடைபட்டிருந்தது. விசாரிக்கச் சொன்னது யாரிடம் என்று பாருங்கள்.

கூடவே இன்னொன்றையும் சேருங்கள். ஜூன் கடைசியில் கிரடாக்குக்கே தலைப்பாகை குறித்துத் தயக்கம் வந்து ஆளுநருக்கு எழுதினார். ஜூலை 4 அன்று ஆளுநர் சபை உத்தரவைக் கைவிட வேண்டாம் என்று முடிவு செய்தது. மத வழக்கங்களில் தலையிடும் எண்ணம் இல்லை என்று ஓர் அறிவிப்பு மட்டும் தயாரானது, அதுவும் வெளியே வரவில்லை. ஆறு நாளில் புரட்சி. இப்படிப்பட்ட வரிகளை “நடந்திருந்தால் மாறியிருக்கும்” என்று வேறு நிறத்தில் குறியுங்கள். தொடர் தவிர்க்க முடியாத விதி மாதிரி தெரியாமல் இருக்க இவை தேவை.

ஜூலை 9 அன்று திப்பு மகளின் திருமணம், ஜூலை 10 அன்று புரட்சி. திருமணம்தான் தூண்டுதல் என்று எழுதலாமா?

தூண்டுதல் என்று எழுத முடியாது, வாய்ப்பு என்று எழுதலாம். திருமணம் நடக்காமல் இருந்திருந்தால் தலைப்பாகைக் கோபம் குறைந்திருக்குமா? இல்லை. கோட்டைக்குள் கூட்டம் சேருவதும் ஆட்கள் வந்து போவதும் சந்தேகத்தைக் கிளப்பாமல் இருக்க அது உதவியிருக்கலாம், அவ்வளவுதான். “ஏன் நடந்தது” என்பதற்கும் “ஏன் அன்றைக்கு நடந்தது” என்பதற்கும் தனித்தனி பதில் உண்டு. திருமணம் இரண்டாவது கேள்விக்குரியது.

தலைப்பாகைதான் காரணம் என்கிறது ஒரு பகுதி, திப்புவின் மகன்கள்தான் என்கிறது இன்னொன்று. நான் யார் பக்கம் நிற்பது?

பக்கம் எடுப்பதற்கு முன், அப்படிச் சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்று பாருங்கள். தலைப்பாகைதான் காரணம் என்றால் குற்றம் உத்தரவு போட்டவர்கள் மேலும் அதைத் தொடர அனுமதித்தவர்கள் மேலும் விழும். இளவரசர்களின் சதி என்றால் குற்றம் வெளியே போய்விடும். பெண்டிங்கின் முறையீடு பதவி போன பிறகு, தன் பெயரைக் காக்க எழுதியது. அதனால் அது பொய் என்று அர்த்தமில்லை. ஜூலை 4 அன்று சபையில் என்ன நடந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. சிப்பாய்களின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை.

புரட்சிக்குப் பின் அமைத்த விசாரணைக் குழு இரண்டையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது: உடை பற்றிய மாற்றங்கள், திப்பு குடும்பம் வேலூரில் இருந்தது. இதைச் சமரசம் என்று தள்ளிவிடாதீர்கள். தேதி வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வேலை செய்திருப்பது தெரியும். மே மாத மறுப்பு முழுக்க உடையைப் பற்றியது. ஜூலை 10 காலையில் கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. எழுவதற்கான கோபத்தை உடை கொடுத்தது, எழுந்த பிறகு யார் பெயரில் என்பதற்கான பதிலை இளவரசர்களின் இருப்பு கொடுத்தது. என் கணிப்பு இதுதான். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்தாலும், அதைத் தேதிகளோடு பொருத்திக் காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இக்கால ஆய்வாளர்கள் சிலர் சம்பளம், பதவி உயர்வில் பாகுபாடு, பாளையக்காரர் போர்களின் நினைவு ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். நியாயமானவைதான். ஆனால் இவற்றுக்கு நாள் கிடையாது, வருடக்கணக்கில் நீடித்தவை. இவற்றைத் தொடரில் புள்ளியாக வைக்காமல், பக்கவாட்டில் ஒரு நீண்ட கோடாகப் போடுங்கள்.

எக்செல்லில் போட்டால் தேதி வரிசையாகவே வரமாட்டேன் என்கிறது. நாள் சரியாகத் தெரியாதவற்றை என்ன செய்வது?

எக்செல்லுக்கு 1900-க்கு முந்தைய தேதிகள் தேதியாகவே தெரியாது, வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். 14-11-1805 என்று அடித்தால் நாளை வைத்து வரிசைப்படுத்திக் குழப்பும். வருடம் முதலில் வரும்படி அடியுங்கள்:

```
1805-11-14
1806-03-13
1806-05-06
1806-06-17
1806-07-04
1806-07-10
```

எழுத்தாக இருந்தாலும் இது சரியான வரிசையில் நிற்கும். நாள் தெரியாவிட்டால் 1806-07 என்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைப்பாகை உத்தரவு ஜூலை மாதத்திலேயே இரத்தானது என்று மட்டும் உங்கள் பகுதி சொன்னால் மாதம் போதும், நீங்களாக ஒரு நாளை இட்டு நிரப்பக்கூடாது. ஆனால் 1806-07 என்று மட்டும் எழுதினால் வரிசையில் அது ஜூலை 4-க்கும் 10-க்கும் முன்னால் போய் நிற்கும். புரட்சிக்குப் பின் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே அந்த ஒரு வரியைக் கையால் கீழே இறக்கிவிடுங்கள். பக்கத்தில் எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்று இன்னொரு கட்டமும் இருக்கட்டும். கடைசி இரவில் இதைத் தேடுவது பெரும்பாடு.

புரட்சி 1806 ஜூலையில். பெண்டிங்கைத் திரும்ப அழைக்க முடிவானது 1807 ஏப்ரலில். நடுவில் ஒன்பது மாதம் ஒன்றும் நடக்கவில்லையா?

நடந்தது, பெரும்பகுதி கடலில். அப்போது சென்னையிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போகப் பாய்மரக் கப்பலில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பல மாதம் ஆகும். ஜூலை 10 நடந்தது இயக்குநர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கெடுத்தால் அவர்கள் முடிவு தாமதமானதாகத் தோன்றாது. அந்த முடிவு சென்னைக்கு வந்து சேர மறுபடியும் மாதங்கள். பெண்டிங்க் பதவியை விட்டது 1807 செப்டம்பரில்.

காலனிய காலத் தொடர் எதிலும், இடம் மாறும் ஒவ்வொரு கண்ணிக்கும் “நடந்த தேதி”, “தெரிந்த தேதி” என்று இரண்டு உண்டு. ஒருவர் முடிவெடுத்தது தனக்குத் தெரிந்த தேதிக்குப் பிறகுதான். இதை மறந்தால், அப்போது யாருக்கும் தெரியாத செய்தியை வைத்து ஆட்களை முடிவெடுக்க வைத்துவிடுவீர்கள்.

இதற்கு நேர்மாறாக, உள்ளூரில் நடந்த விளைவுகள் மிக வேகமானவை. ஜூலை 10 விடியும் முன் எழுச்சி. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். சுமார் 16 மைல் தூரத்திலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் மணிக்கணக்கில் எழுதலாம், மற்றதை மாதக்கணக்கில் எழுதலாம். எல்லா வரிக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை.

இறந்தவர்கள் எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?

ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கு மேல் என்பதில் பெரிய சண்டை இல்லை, பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் 350 என்றும் 800 என்றும் வரும். அவர்களுக்கு அந்த அளவு கணக்கு வைக்கவில்லை. இரண்டு எண்ணையும், எந்தப் பகுதி சொல்கிறது என்பதையும் எழுதுங்கள். சராசரி போடாதீர்கள்.

விளைவுகளை எங்கே நிறுத்துவது? 1857 வரை இழுக்கலாமா?

பேராசைதான் இங்கே ஆபத்து. திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், உத்தரவை இரத்து செய்தார்கள், ஆளுநரும் தளபதியும் பதவி இழந்தார்கள். இவை நேரடி விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இருக்கிறது.

அதற்கு அடுத்த சுற்றில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. வேலூர்ச் செய்தி லண்டனுக்குப் போனதும், கிறிஸ்தவ மிஷனரிகளை இந்தியாவில் அனுமதிக்கலாமா என்ற சண்டை சூடு பிடித்தது. 1807-இல் தாமஸ் ட்வைனிங் என்பவர் மிஷனரிகளுக்கு எதிராகத் துண்டு நூலே வெளியிட்டார், மறுப்பு நூல்களும் வந்தன. 1813 சாசனச் சட்டம் வரை இந்த விவாதம் ஓடியது. இங்கே வேலூரையும் லண்டனையும் இணைக்கிற கை தெரிகிறது: அச்சிட்ட நூல், அதை எழுதிய ஆள், வருடம்.

1857-க்கு அப்படி ஒரு கை காட்ட முடிகிறதா? இரண்டிலும் சிப்பாய்கள், இரண்டிலும் மத வழக்கம் பற்றிய பயம், இரண்டிலும் பழைய அரச குடும்பம். இது ஒப்புமை. 1806-ஐ நினைத்து 1857-இல் இன்னார் இதைச் செய்தார் என்று உங்கள் நான்கு பகுதிகளில் ஏதாவது சொன்னால் எழுதுங்கள். இல்லையென்றால் “பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள்” என்று தனிப் பத்தியாக வையுங்கள், தொடருக்குள் நுழைக்காதீர்கள்.

எல்லாம் சேர்ந்தாயிற்று. இதைப் பத்தியாக எழுதும்போது எப்படி இருக்க வேண்டும்?

ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாக்கியம் என்று எழுதினால் பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிடும். வினைச்சொற்களில் காரணம் தெரியட்டும். நடுப்பகுதிக்கு ஒரு மாதிரி:

“1805 நவம்பர் 14-இல் புதிய தலைப்பாகையும், 1806 மார்ச் 13-இல் சாதிக் குறியையும் கடுக்கனையும் தடுக்கும் விதியும் வந்தன. மே 6, 7-இல் வேலூரில் ஒரு பட்டாலியன் தலைப்பாகையை மறுத்தபோது, அதிகாரிகள் முன்னின்றவர்களைத் தண்டித்து, பட்டாலியனைச் சென்னைக்கு மாற்றினார்களே தவிர உத்தரவை மாற்றவில்லை. ஆகவே அடுத்து வந்த படைக்கும் அதே குறை இருந்தது, அதை வெளிப்படையாகச் சொல்லும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. ஜூன் 17-இல் முஸ்தபா பேக் தந்த தகவலை விசாரித்தவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். அரசாங்கம் ஜூலை 4-இல் மறுபடி யோசித்தும் உத்தரவைக் கைவிடவில்லை.”

இதில் “அதை வெளிப்படையாகச் சொல்லும் வழி அடைபட்டிருந்தது” என்பது மட்டும் உங்கள் முடிவு, மற்றவை பகுதிகளில் இருப்பவை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு போடாமல், முடிந்தால் “எனத் தோன்றுகிறது” என்று சேர்த்துவிடுங்கள். மற்ற எல்லாத் தேதிக்கும் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு கட்டாயம்.